கணக்கரின் எதிரில் பேசும் வியாபாரம்

ஹார்டுவேர் கடை ஒன்றுக்கு ஜிஎஸ்டி கணக்கு மென்பொருள் விற்க ஒருவர் போகிறார். கல்லாவில் முதலாளி. பக்கத்து மேசையில் பல வருடமாகக் கணக்கு எழுதும் கணக்கர். “உங்க கணக்குல நிறைய ஓட்டை இருக்கு சார், வரிப்பணம் வீணாப் போகுது” என்று வந்தவர் ஆரம்பித்தால், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கணக்கைப் பார்க்காமலே சொன்ன குற்றச்சாட்டு அது. பழி விழுவது கணக்கர் மேல். அவரை வேலைக்கு வைத்த முதலாளிக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் அந்தக் கடையில் உண்மையாகவே ஒரு சிக்கல் இருக்கக்கூடும். வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வேண்டுமானால், அந்த பில் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வந்திருக்க வேண்டும். அது மாதாமாதம் 14-ஆம் தேதி உருவாகிறது. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய் வரை உள்ள சப்ளையர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடலாம். இடைப்பட்ட மாதங்களில் பில்லை ஏற்றுவது அவர் விருப்பம். அவர் ஏற்றாவிட்டால், ஏப்ரலில் 1,18,000 ரூபாய்க்கு வாங்கிய சரக்கின் வரி 18,000 ரூபாய், ஜூலை 14-இல் வரும் பட்டியலில்தான் தெரியும். அதுவரை அந்த அளவுக்குக் கடைக்காரர் கைப்பணத்தைக் கட்ட வேண்டியிருக்கும்.

இதில் கணக்கர் செய்த தவறு எதுவும் இல்லை. விற்பவர் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான். சிக்கல் எங்கே பிறக்கிறது என்று சொல்லிவிட்டால், யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. அவர் இப்படிப் பேசலாம்:

“அண்ணாச்சி, மூணு மாசத்துக்கு ஒருதடவை ரிட்டர்ன் போடுற சப்ளையர்கிட்ட வாங்கினா, பில்லு 2பி-ல தாமதமா வர்றதுண்டு. உங்க கடையில அப்படி வருதா, இல்ல ஐயா அதுக்கு ஏற்கெனவே வழி வெச்சிருக்காரா?”

‘ஐயா’ என்றது கணக்கரை. பதில் சொல்லும் உரிமை அவர் கைக்குப் போய்விடுகிறது. “நான் சப்ளையருக்குப் போன் பண்ணி ஏத்த வெச்சிடுவேன்” என்று அவர் சொன்னால், நன்றி சொல்லிக் கிளம்பலாம், ஒருவருக்கும் மனக்கசப்பில்லை. “ஆமா தம்பி, மாசம் நாலஞ்சு பில்லு இப்படி நிக்குது” என்றால், சிக்கலைச் சொன்னவர் கணக்கரே.

பணிவு அளவு மீறினாலும் கெடுதல்தான். “ஏதாவது சிரமம் இருந்தா சொல்லுங்க” என்ற கேள்விக்கு “ஒண்ணுமில்லை” என்றே பதில் வரும். எந்த பில், எந்தத் தேதி, எவ்வளவு வரி என்று குறிப்பாகக் கேட்டால்தான் கடைக்காரருக்குத் தன் கணக்கு நினைவுக்கு வரும். இன்னொன்று: “உங்களை மாதிரி நூறு கடையில பார்த்தேன்” என்பது பார்த்திருந்தால் மட்டுமே சொல்ல வேண்டிய வார்த்தை.

போன மாதக் கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் கணக்கரே ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று விட்டுவிடுங்கள். வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால், அந்தக் கடைக்கு உங்கள் மென்பொருள் தேவையில்லை. அதை அவர்களிடமே சொல்லிவிடுங்கள்.