புது மாத்திரைக்குப் பின் காய்ச்சலும் வாய்ப்புண்ணும்

ஒரு மாத்திரையைப் புதிதாகத் தொடங்கிய நான்காம் நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள் காய்ச்சல் வந்து, அதையொட்டி வாய்ப்புண்ணும் உடல் முழுக்கச் சிவந்த தடிப்பும் தோன்றினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயை. இது மருந்து ஒவ்வாமையின் மிகக் கடுமையான வடிவம். தோலின் மேலடுக்கும், வாய், கண், பிறப்புறுப்பு ஆகியவற்றின் உட்படலமும் செத்து உரிந்துவிடும். 1922-இல் நியூயார்க்கில் இரண்டு சிறுவர்களிடம் இதைக் கண்டு எழுதிய ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற மருத்துவர்களின் பெயரே நோய்க்கு நிலைத்தது. தோல் பெருமளவில் உரியும் வடிவத்தை 1956-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஆலன் லயல் விவரித்தார். இரண்டும் ஒரே நோயின் இரண்டு அளவுகள் என்பதே இன்றைய கருத்து. விரல்களோடு சேர்த்து நோயாளியின் ஓர் உள்ளங்கை, உடல் பரப்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம். அந்தக் கணக்கில் பத்து உள்ளங்கைக்குக் குறைவாகத் தோல் உரிந்தால் முதல் வகை, முப்பதைத் தாண்டினால் லயல் சொன்ன வகை. நோய் மிக அரிது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒரு சிலருக்கே வருகிறது. வந்தவர்களில், முதல் வகையில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவும், கடைசி வகையில் ஏறக்குறைய பத்தில் மூவரும் இறக்கிறார்கள்.

பல மருந்துகள் இதைத் தூண்டக்கூடும் என்றாலும், திரும்பத் திரும்ப அகப்படுபவை சிலவே: வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் கார்பமசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன், லாமோட்ரிஜின், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோப்யூரினால், கோ-டிரைமாக்சசோல் போன்ற சல்ஃபா மாத்திரைகள், எச்ஐவி மருந்தான நெவிராப்பின், பைராக்ஸிகாம் வகை வலி மாத்திரைகள். ஆண்டுக்கணக்கில் தொந்தரவு இல்லாமல் சாப்பிட்டுவரும் ரத்த அழுத்த மாத்திரை பெரும்பாலும் குற்றவாளி அல்ல. புதிதாகச் சேர்ந்ததுதான் முதல் சந்தேகத்துக்கு உரியது. இடைவெளி சில வாரங்கள் என்பதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் அன்றே தெரிந்துவிடும் என்று நினைப்பது வழக்கம். இந்த நோய் அப்படி வருவதில்லை.

நோய் பெரும்பாலும் எப்படி நகரும் என்பதை ஒரு மாதிரி நிகழ்வில் பார்க்கலாம். நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவருக்கு முகத்தில் மின்னல் வெட்டுவதுபோல் நரம்பு வலி. அதற்கு கார்பமசெபின் எழுதித் தரப்படுகிறது. வலி குறைகிறது. பதினைந்தாம் நாள் காய்ச்சல் 102 டிகிரி, தொண்டை வலி, கண் எரிச்சல். வைரஸ் காய்ச்சல் என்று பாராசிட்டமாலும் ஓர் ஆன்டிபயாடிக்கும் கொடுக்கப்படுகின்றன. பதினேழாம் நாள் நெஞ்சிலும் முகத்திலும் கருஞ்சிவப்புப் புள்ளிகள். உதடு வெடித்து ரத்தம் கட்டுகிறது. எச்சில் விழுங்க முடியவில்லை. நேற்றுச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் ஒத்துக்கொள்ளவில்லை என்று அதை நிறுத்துகிறார்கள்; வலி மாத்திரை மட்டும் தொடர்கிறது. பத்தொன்பதாம் நாள் முதுகில் கைபட்ட இடத்தில் தோல் வழுகி உரிகிறது. பழி விழுந்தது காய்ச்சலுக்குப் பிறகு வந்த மருந்தின் மேல். காரணம் காய்ச்சலுக்கு முன்பே உள்ளே போய்விட்டது. ஆகவே மருத்துவரிடம் போகும்போது கடைசி இரண்டு மாதத்தில் தொடங்கிய எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, தேதியோடு கொண்டுபோவது நல்லது.

தமிழ்நாட்டில் இன்னொரு தாமதமும் நேர்வதுண்டு. காய்ச்சலும் கொப்புளமும் சேர்ந்து வந்தால் அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை வைத்து வீட்டிலேயே படுக்க வைத்துவிடுவார்கள். அம்மைக் கொப்புளம் தெளிந்த நீர் கோத்ததாக, அரிப்போடு, அலை அலையாக வரும். மருந்தால் வரும் புள்ளிகளோ தொடக்கத்தில் தட்டையாக, நடுவில் கருத்து இருக்கும். அரிப்பைவிட வலியே மிகுதி, தொட்டாலே எரியும். ஒரே சமயத்தில் வாய், கண், சிறுநீர் போகும் இடம் ஆகியவற்றில் இரண்டு மூன்று புண்ணாகும். சாதாரண மருந்துத் தடிப்பு இதிலிருந்து வேறு. அதில் அரிப்பு இருக்கும், வாய் புண்ணாகாது, தோல் வலிக்காது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: மாத்திரை தொடங்கிய இரண்டு முதல் எட்டு வாரத்தில் காய்ச்சல், தடிப்பு, முகவீக்கம், கழுத்தில் நெறிகட்டு. இதில் தோல் உரியாவிட்டாலும் கல்லீரலும் சிறுநீரகமும் கெடக்கூடும் என்பதால் இதுவும் அவசரமே.

சிலருக்கு மட்டும் ஏன் வருகிறது என்பதற்கு ஒரு பாதி விடை 2004-இல் தைவானிலிருந்து கிடைத்தது. கார்பமசெபினால் பாதிக்கப்பட்ட 44 பேரை ஆராய்ந்தபோது, எல்லோரிடமும் எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை இருந்தது. இந்தப் புரதம் மருந்தை அந்நியப் பொருளாக நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக்கொடுக்க, அவை தோல் செல்களையே கொல்கின்றன. ஆசிய வம்சாவளியினருக்கு மருந்து தொடங்கும்முன் இந்தச் சோதனை செய்யுமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007-இல் அறிவுறுத்தியது. சோதனையில் இல்லை என்று வந்தாலும் முழு உத்தரவாதம் கிடையாது. வேறு மரபணு வகைகளும் உண்டு. லாமோட்ரிஜினில் அளவும் முக்கியம். பெரியவர்களுக்குப் பொதுவாக 25 மில்லிகிராமில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெல்ல ஏற்றுவார்கள். வால்புரோயேட் கூட இருந்தால் அதிலும் பாதி. அவசரப்பட்டு ஏற்றினாலோ, பல நாள் விட்டுவிட்டுப் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கினாலோ ஆபத்து கூடுகிறது. அலோப்யூரினாலைப் பொறுத்தவரை, மூட்டு வலியே இல்லாமல் பரிசோதனைத் தாளில் யூரிக் அமிலம் சற்றுக் கூடியிருப்பதற்காக மட்டும் அதைத் தொடங்குவது பெரும்பாலும் தேவையற்றது.

அறிகுறி தெரிந்ததும் சந்தேக மருந்தின் அடுத்த வேளையை விழுங்காமல், அன்றே, இரவானாலும், பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், 108-ஐ அழைக்கலாம். வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தால் வலிப்பு திரும்பக்கூடும். மாற்று மருந்தை மருத்துவமனையில் தொடங்குவார்கள். சீக்கிரம் நிறுத்துவது உயிர் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. கொப்புளத்தைக் குத்தி உடைப்பது, மஞ்சளோ களிம்போ பூசுவது, மருந்துக் கடையில் கேட்டு இன்னொரு மாத்திரை வாங்குவது எல்லாம் கெடுதல்.

மருத்துவமனையில் இதைத் தீக்காயம்போலவே கவனிக்கிறார்கள்: தீவிர சிகிச்சைப் பிரிவில் வெதுவெதுப்பான அறை, அளந்து செலுத்தும் திரவம், மூக்குக் குழாய் வழி உணவு, கிருமித் தொற்றைத் தடுக்கும் காவல். ஸ்டீராய்டு தருவதா, சைக்ளோஸ்போரின் தருவதா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கண் மருத்துவர் முதல் நாளிலிருந்தே வந்து பார்க்க வேண்டும். தோல் சில வாரத்தில் புதிதாக முளைத்துவிடும். கண்ணின் உட்படலம் இமையோடு ஒட்டிக்கொண்டால் வறட்சியும் பார்வை இழப்பும் வாழ்நாள் முழுக்கத் தொடரலாம்.

குணமானபின் அந்த மருந்தை மிகச் சிறிய அளவில்கூட மறுபடி தொடக்கூடாது. ஒரே நிறுவனப் பெயரை மட்டும் தவிர்ப்பது போதாது. மூல மருந்தின் பெயரை எழுதிய சீட்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். கார்பமசெபினால் வந்தவருக்கு ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன், ஆக்ஸ்கார்பசெபின் ஆகியவையும் ஆகாது, வேதி அமைப்பில் அவை நெருங்கிய உறவு. மரபணுப் பங்கு இருப்பதால், உடன்பிறந்தவர்களுக்கோ பிள்ளைகளுக்கோ இதே மருந்து எழுதப்படும்போதும் இந்தச் செய்தியை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.