ஆட்டத்தின் இறுதியில் இறுகும் கெண்டைக்கால்

தசைப்பிடிப்பு என்பது ஒரு தசை ஆட்டக்காரரின் விருப்பமின்றித் தானாகச் சுருங்கி, சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரை தளராமல் இறுகி நிற்கும் நிலையாகும். கால்பந்து ஆடும் பள்ளி மாணவர்களிடம் இது பெரும்பாலும் கெண்டைக்கால், பின்தொடை, முன்தொடை ஆகிய மூன்று இடங்களில், அதுவும் ஆட்டத்தின் பிற்பகுதியில் வருகிறது. உடலில் நீரும் உப்பும் குறைந்ததால் வந்தது என்று கருதித் தண்ணீரும் வாழைப்பழமும் கொடுப்பது மைதானங்களில் நெடுங்கால வழக்கம்; ஆனால் பிடிப்பு ஏன் வருகிறது என்று ஆராய்ந்தால், முதலில் செய்ய வேண்டியது வேறொன்று என்பது புலப்படும்.

உப்பைக் காரணம் காட்டும் கருத்து ஆதாரமற்றதன்று. 1920களில் பிரிட்டனின் ஆழமான, வெப்பம் மிகுந்த நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்து, வியர்வையாய் இழந்ததை வெறும் தண்ணீரால் மட்டும் ஈடுசெய்த தொழிலாளர்களுக்குக் கடும் தசைப்பிடிப்பு வந்தது. தண்ணீரில் சிறிது உப்பு கலந்து கொடுத்தபோது அது குறைந்தது. எனினும் பிற்காலத்தில் நீண்டதூர ஓட்டக்காரர்களையும் டிரையத்லான் போட்டியாளர்களையும் ஆராய்ந்தபோது, பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் இடையே இரத்தத்தின் உப்பளவிலோ நீரிழப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மேலும், உடல் முழுவதும் ஓடும் இரத்தத்தில் உப்பு குறைந்தால் எல்லாத் தசைகளும் பாதிக்கப்பட வேண்டுமே தவிர, அதிகம் உழைத்த ஒரு கெண்டைக்கால் மட்டும் இறுகுவதற்கு அது போதிய விளக்கமாகாது.

தென்னாப்பிரிக்க விளையாட்டு மருத்துவர் மார்ட்டின் ஷ்வெல்னஸ் 1997இல் முன்வைத்த விளக்கம் இந்த இடைவெளியை நிரப்புகிறது. ஒவ்வொரு தசையையும் சுருங்கச் சொல்லும் கட்டளை, தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்புச் செல்களிலிருந்து வருகிறது. அக்கட்டளையின் அளவை இரண்டு உணர்விகள் சீராக்குகின்றன. தசைக்குள் அமைந்த தசைக்கதிர் என்னும் உணர்வி, தசை நீளும்போது சுருங்கச் சொல்லித் தூண்டுகிறது. தசை எலும்போடு சேரும் நாணில் அமைந்த கால்ஜி உணர்வி, நாண் இழுபடும்போது அத்தூண்டலை அடக்குகிறது. தசை களைப்படையும்போது தூண்டும் செய்தி மிகுந்து, அடக்கும் செய்தி குறைகிறது. அந்நேரத்தில் பந்தை உதைக்கவோ தாவவோ பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டினால், ஏற்கெனவே குறுகிய நிலையில் இருக்கும் கெண்டைக்கால் தசை இன்னும் சுருங்குகிறது; நாண் தளர்ந்து கிடப்பதால் அடக்கும் செய்தி ஏறத்தாழ நின்றுபோய், தசை இறுகிக்கொள்கிறது.

எழுபதாவது நிமிடத்தில் பக்கவாட்டில் ஓடும் 16 வயது ஆட்டக்காரர் ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஆட்டத்தை நிறுத்தி, அவரைத் தரையில் உட்காரவைத்து, முழங்காலை நேராக நீட்டச் செய்ய வேண்டும். பிறகு உதவுபவர் ஒரு கையால் குதிகாலைத் தாங்கி, மறு கையின் உள்ளங்கையை விரல்களின் அடிப்பகுதியில் வைத்து, பாதத்தை முழந்தாளை நோக்கி மெதுவாகத் தள்ளி, வலி தாங்கும் அளவில் 20 முதல் 30 நொடிகள் அப்படியே பிடித்திருக்க வேண்டும். இந்த நீட்சி நாணை இழுத்து, நின்றுபோயிருந்த அடக்கும் செய்தியை மீண்டும் தொடங்கிவைப்பதால், பெரும்பாலான பிடிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தளர்கின்றன. பின்தொடையில் பிடித்தால் மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி முழங்காலை மெல்ல நேராக்க வேண்டும். முன்தொடையில் பிடித்தால் குப்புறப் படுக்கவைத்துக் குதிகாலைப் பிட்டத்தை நோக்கி மடக்க வேண்டும். காலை வெடுக்கென்று இழுப்பதும், இறுகிய சதையைக் குத்துவதும், உதறுவதும் தீங்கு விளைவிக்கும். மெல்ல நீவிவிடுவது தசை தளர்ந்த பிறகே பயன் தரும்.

பருகுவது அதற்கு அடுத்த வேலை. ஏனெனில் குடித்த நீரும் உப்பும் குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து பயன் தருவதற்குள் பிடிப்பு தானாகவே நீங்கியிருக்கும். அமெரிக்காவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளரிக்காய் ஊறவைத்த காடிநீரைச் சிறிதளவு குடித்தவர்களுக்கு, மின்தூண்டலால் உண்டாக்கிய பிடிப்பு தண்ணீர் குடித்தபோதைவிட விரைவாக, சுமார் ஒன்றரை நிமிடத்தில் தளர்ந்தது. அவ்வளவு குறுகிய நேரத்தில் இரத்தத்தின் உப்பளவு மாறவில்லை என்பதால், புளிப்பு தொண்டை நரம்புகளைத் தூண்டி அனிச்சைச் செயலாகப் பிடிப்பைத் தளர்த்தியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். வாழைப்பழத்தின் பொட்டாசியமும் உடனடியாக இரத்தத்தை எட்டுவதில்லை.

ஆயினும் வெயிலில் நீண்ட நேரம் ஆடுகிற, வியர்வையோடு உப்பை மிகுதியாக இழக்கிற சிலருக்கு உப்பு உண்மையிலேயே காரணமாகலாம். சட்டையில் வெண்திட்டுகள் படிவதும், பிடிப்பு ஒரு தசையிலிருந்து வேறு தசைகளுக்குப் பரவுவதும், இரண்டு கால்களையும் தாக்குவதும் இதற்கான குறிகளாகும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரிழப்பைக் காட்டும். இத்தகையவருக்கு, பொட்டலத்தில் குறித்த அளவு நீரில் சரியாகக் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறுசிறு மிடறாகக் கொடுப்பது தகும். வெறும் தண்ணீரை மிக அதிகமாகக் குடிப்பது இரத்தத்தின் சோடியத்தை மேலும் நீர்க்கச்செய்து ஆபத்தாகக்கூடும்.

பிடிப்பைப் போலத் தோன்றும் வேறு நிலைகளைப் பிரித்தறிவதும் இன்றியமையாதது. பிடிப்பில் சதை கட்டியாகத் திரண்டு கைக்குத் தெரியும். நீட்டினால் வலி குறையும். வேகமாக ஓடும்போது திடீரென்று ஒரே இடத்தில் சுரீரென்று வலித்து, நீட்டினால் வலி கூடுமானால் அது தசைக் கிழிசலாக இருக்கலாம். அதை மேலும் நீட்டக் கூடாது. ஓடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கால்கள் வலுவிழந்து, தொட்டால் தசை மென்மையாகவே இருக்க, ஆட்டக்காரர் சரிந்து விழுவது, அரிவாள் செல் மரபுக்கூறு உடையவருக்கு வரும் அபாயமாக இருக்கலாம். நீலகிரிப் பழங்குடியினர் சிலரிடம் இம்மரபுக்கூறு காணப்படுவதால் அங்குள்ள பயிற்சியாளர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். பிடிப்போடு குழப்பமான பேச்சு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை சேர்ந்தால் வெப்பத் தாக்கமாகக் கருதி, உடனே நிழலுக்குக் கொண்டுசென்று உடல் முழுவதும் குளிர்நீரால் நனைத்தபடியே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்; பின்னர் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலும் மருத்துவமனைக்குச் செல்வதே முறை.

பிடிப்பு விட்டவுடன் ஆட்டக்காரரைத் திரும்ப அனுப்புவது பெரும்பாலும் தவறாகிறது. களைப்பு நீங்காத தசை சில நிமிடங்களில் மீண்டும் இறுகக்கூடும். வலியின்றி நடக்கவும், ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்தவும், பிறகு மெதுவாக ஓடவும் முடிந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். அதே பாதியில் மறுபடியும் பிடித்தால் மாற்று ஆட்டக்காரரை இறக்குவதே தகும். முன்பே பிடிப்பு கண்டவர்களுக்கும், பழகியதைவிட வேகமாக ஓடியவர்களுக்கும் இது அதிகம் வருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே அரை மணி நேரப் பயிற்சியோடு நிறுத்திக்கொண்ட அணியை ஒன்றரை மணி நேர ஆட்டத்துக்கு அனுப்பும் பயிற்சியாளர், எழுபதாவது நிமிடத்தில் என்ன கொடுப்பது என்று தேடுவதைவிட, அந்த எழுபது நிமிடத்துக்கு ஏற்ப பயிற்சியின் நீளத்தையும் வேகத்தையும் சில வாரங்களில் படிப்படியாக உயர்த்துவதே பயனுள்ளதாகும்.