“போலீஸ் மட்டும் வேண்டாம் மேடம்”

மனச்சோர்வுக்காக ஆலோசனைக்கு வரும் ஒரு தாய், மூன்றாவது சந்திப்பில் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: கொழுந்தன் தன் ஒன்பது வயது மகளிடம் தவறாக நடக்கிறான். உடனே கெஞ்சல்: “போலீஸ் மட்டும் வேண்டாம் மேடம், குடும்ப மானம் போயிடும்.”

கற்பனைச் சூழல்தான், சமூகப் பணியாளர்களுக்குப் பழக்கமானது. கணவரோடு வாழ்வதா, பிரிவதா என்பது அந்தத் தாயின் முடிவு. மகள் விஷயம் அப்படியல்ல. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

ஆக, புகார் செய்வதா என்பது கேள்வியே இல்லை. எப்படிச் செய்வது என்பதில்தான் தாயின் விருப்பத்துக்கு இடமிருக்கிறது. அவருக்குத் தெரியாமல் போன் போடுவது சட்டப்படி சரி. ஆனால் அவர் திரும்பி வரமாட்டார். அவரையே உடன் அழைத்துச் செல்லலாம். சிறுமியின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரி பதிவுசெய்யச் சட்டம் வழிசெய்கிறது என்று விளக்கினால், பாதி பயம் தணியும். சிறுமியைத் தானே துருவித் துருவிக் கேட்பதைப் பணியாளர் தவிர்க்க வேண்டும். பின்னால் அவள் வாக்குமூலத்தையே அது பலவீனமாக்கும்.

இந்த வரம்பை முதல் சந்திப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும்: “குழந்தைக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்க முடியாது.” அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தான்.