ஒரு மூச்சில் ஒரு வாக்கியம்

பள்ளிக் காணொளிக்காக வடிகட்டுதலை விளக்க வந்த ஏழாம் வகுப்பு மாணவிக்கு, கேமராவைக் கண்டதும் குரல் அடைத்துவிட்டது. நான் எழுதித் தந்த அரைப்பக்கத்தை மனப்பாடம் செய்திருந்தாள். ஒரு சொல் மறந்ததும் எல்லாமே நின்றுவிட்டது. பிழை என்னுடையதே.

அதை அவள் பேச்சிலேயே நான்கு சிறு வாக்கியங்களாக்கினோம். முதலில் புனலையும் வடிதாளையும் கையில் வைத்துக்கொண்டு தோழியிடம் மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு தோழியைக் கைப்பேசிக்குப் பின்னால் நிற்கவைத்து, தன் முகம் திரையில் தெரியாதபடி பின்பக்கக் கேமராவில் பதிந்தோம்.

தடுமாறியபோது பதிவை நிறுத்தவில்லை. மூச்சு விட்டு, அந்த வாக்கியத்தை மட்டும் மீண்டும் சொன்னாள். தவறியதைப் பின்னர் வெட்டினோம். மூன்றாம் வாக்கியம் மட்டும் மூன்று முறையும் சிக்கியது. ‘கரையாத திண்மப் பொருள்கள்’ என்பதை ‘மணல்’ என்று மாற்றியதும் சரளமாக வந்தது. இப்போதெல்லாம் ஒரே இடத்தில் மூன்று முறை தடுமாறினால், நான் வாக்கியத்தைத்தான் திருத்துகிறேன்.