முந்திப் போனது பிந்தி வந்தால்

ரயில் டிக்கெட் ஆப் ஒன்றில் ஊர் தேடுகிறீர்கள். ‘திரு’ என்று அடித்ததுமே கீழே ஒரு பட்டியல் விரியத் தயாராகிறது. நிற்காமல் ‘திருப்பூர்’ என்று முடிக்கிறீர்கள். பட்டியலில் திருப்பூர் வந்துவிட்டது. விரலை வைக்கப் போகும் கணத்தில் பட்டியல் மாறுகிறது. முதல் வரியில் இப்போது திருச்சி. விரல் அதில் பட்டுவிடுகிறது. மேலே பெட்டியில் திருப்பூர் என்றே இருந்தது, கை தவறிவிட்டது போல என்று நினைத்துக்கொள்வீர்கள். தவறியது கை அல்ல.

எழுத்து சேரச் சேர ஆப் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் புதிதாகக் கேட்கிறது. ‘திருப்பூர்’ நமக்கு ஐந்து எழுத்துதான். யூனிகோட் கணக்கில் பத்துக் குறியீடுகள். விசைப்பலகையைப் பொறுத்து ஒரே சொல்லுக்குப் பத்துக் கேள்விகள்கூடப் போகலாம். கேள்விகள் வரிசையாகத்தான் கிளம்புகின்றன. பதில்களும் அதே வரிசையில் வந்து சேரும் என்று யாரும் உறுதி தரவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ‘திரு’ என்ற கேள்வி கிளம்பிய நேரத்தைச் சுழியம் என்று வைப்போம். 400 மில்லிவினாடி கழித்து ‘திருப்பூர்’ கிளம்புகிறது. ‘திரு’வில் தொடங்கும் ஊர்கள் ஏராளம், எல்லாவற்றையும் பொறுக்கி, வரிசைப்படுத்தி அனுப்ப 900 மில்லிவினாடி ஆகிறது. ‘திருப்பூர்’ ஒரே ஊர், 300-ல் வேலை முடிந்தது. ஆக சரியான பதில் 700-ல் வந்து திரையில் அமர்கிறது; 900-ல் பழைய பதில் வந்து அதன் மேல் அமர்கிறது. வந்ததை அப்படியே காட்டு என்றுதான் ஆப்பில் எழுதியிருக்கிறது. அது எந்தக் கேள்விக்கான பதில் என்று யாரும் பார்ப்பதில்லை.

பலரும் முதலில் கைவைக்கும் மருந்து ‘டிபௌன்ஸ்’. விரல் ஓய்ந்து 300 மில்லிவினாடி ஆன பிறகே கேள்வியை அனுப்புவது. நல்ல பழக்கம்தான், சர்வரின் சுமை குறையும். ஆனால் இந்த நோய்க்கு இது மருந்தல்ல. ‘திரு’ என்று அடித்துவிட்டு ஒரு கணம் யோசித்து மீதியை அடிப்பவருக்கு இரண்டு கேள்விகளும் போகத்தான் செய்யும், போட்டியும் நடக்கத்தான் செய்யும். கோளாறு அரிதாகிவிடுவதால் கண்டுபிடிப்பதுதான் கடினமாகிறது.

நேரான தீர்வு, ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் கொடுப்பது. பதில் வந்ததும், கடைசியாகக் கொடுத்த எண் இன்னும் இதுதானா என்று பார்த்துவிட்டுக் காட்டுவது:

```js
let latest = 0;
async function search(text) {
  const mine = ++latest;
  const res = await fetch("/stations?q=" + encodeURIComponent(text));
  const list = await res.json();
  if (mine === latest) show(list);
}
```

நம் கணக்கில் ‘திரு’வின் எண் 1, ‘திருப்பூர்’ எண் 2. 900-ல் பழைய பதில் வரும்போது `latest` 2 ஆகியிருக்கும். எண் பொருந்தாது, பதில் குப்பைக்குப் போகும். இதில் ஓர் ஓட்டை விட்டுவிடுவது சகஜம். பெட்டியில் இருப்பதை முழுதாக அழித்தால் புதுக் கேள்வி எதுவும் போகாது. எனவே எண்ணும் ஏறாது. வழியில் இருந்த பழைய பதில் வந்து, காலிப் பெட்டிக்குக் கீழே பட்டியலை விரித்துவிடும். அழிக்கும்போதும் எண்ணை ஏற்றிவிட வேண்டும்.

இன்னொரு வழி, புதுக் கேள்வி கிளம்பும்போதே பழையதை ரத்து செய்வது. இதற்கான `AbortController` 2017, 2018 வாக்கில் முன்னணி பிரவுசர்களில் வரத் தொடங்கியது. வேண்டாத பதிலை இறக்கும் டேட்டா மிச்சமாகும் என்பது இதன் கூடுதல் லாபம். ஆனால் ரத்து என்பது பிரவுசர் காது கொடுப்பதை நிறுத்துவது மட்டுமே. சர்வருக்கு அதைக் கவனிக்கச் சொல்லித்தராவிட்டால், கேட்க ஆளில்லாத பதிலை அது தயாரித்துக்கொண்டேதான் இருக்கும். ரத்தான கேள்வி `AbortError` என்ற பிழையாகத் திரும்பும் என்பதும் நினைவிருக்க வேண்டும். அதைத் தனியாகப் பிரித்து ஒதுக்காவிட்டால், எழுத்துக்கு எழுத்து ‘ஏதோ கோளாறு’ என்று திரை மிரட்டும். என்னைக் கேட்டால் ரத்தும் வேண்டும், எண்ணும் வேண்டும். ரத்து வீண்வேலையைக் குறைக்க, எண் திரையைக் காக்க.

எழுதுபவரின் மேசையில் இந்தக் கோளாறு தெரிவதே இல்லை. அங்கே சர்வரும் அதே கணினியில் ஓடும். பதில்கள் சில மில்லிவினாடிகளில், போன வரிசையிலேயே வந்துவிடும். இணைப்பைப் பொதுவாக மந்தமாக்கிச் சோதிப்பதும் போதாது, எல்லாக் கேள்விகளும் சேர்ந்தே தாமதமாகி வரிசை கலையாமல் போகலாம். சோதனைச் சர்வரில் மூன்று குறியீடுகளுக்குமேல் இல்லாத கேள்விகளுக்கு 2 வினாடி, நான்குக்கு 4 வினாடி, அதைவிட நீண்டவற்றுக்கு உடனே பதில் என்று வையுங்கள். வேகமாகத் ‘திருப்பூர்’ என்று அடித்துவிட்டு, ஐந்து வினாடி எதையும் தொடாமல் பட்டியலையே பாருங்கள். திருச்சி வந்தால் கோளாறு இருக்கிறது.