பழைய டிராக்டர் வாங்கப் போகிறீர்களா? சேஸிஸ் எண்ணைத் தடவிப் பாருங்கள்!

‘ஐந்து ஏக்கருக்கு ஒரு பழைய டிராக்டர் பார்த்திருக்கிறேன். ஆர்.சி புக்கில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றன. இதை நம்பி முன்பணம் கொடுக்கலாமா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

எண் பொருந்துவது நல்லதுதான். ஆனால், அது பாதி சோதனை மட்டுமே. விபத்தில் நொறுங்கிய டிராக்டரை ஆர்.சி-யோடு காயலான் விலைக்கு வாங்கி, அதே மாடலில் திருடிய வண்டியில் அந்த எண்ணை அடித்து விற்பதுண்டு. அப்போது காகிதமும் சரியாக இருக்கும், எண்ணும் பொருந்தும். வண்டி மட்டும் வேறொருவருடையதாக இருக்கும்.

முதலில் எண் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். லாரிக்கு இருப்பது போல நீளமான சட்டம் பெரும்பாலான டிராக்டர்களுக்குக் கிடையாது. இன்ஜின், கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் பெட்டி மூன்றையும் போல்ட் போட்டு இணைத்ததுதான் உடம்பு. அதனால் சேஸிஸ் எண் பெரும்பாலும் கிளட்ச் அல்லது கியர் பாக்ஸ் பெட்டியின் வார்ப்பிலும், இன்ஜின் எண் பிளாக்கிலும் அடிக்கப்பட்டிருக்கும். இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த மாடலின் கையேட்டிலோ, டீலரின் மெக்கானிக்கிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். ரிவெட் அடித்த தகட்டில் உள்ள எண்ணை மட்டும் நம்பாதீர்கள். தகட்டைக் கழற்றி மாட்ட பத்து நிமிடம் போதும்.

எண் உள்ள இடத்தைத் துணியில் டீசல் நனைத்துத் துடையுங்கள். கம்பி பிரஷ்ஷை அழுத்தித் தேய்க்க வேண்டாம். காய்ந்ததும் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் தாளில் விழும். ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்கும் அதே பென்சில் அச்சுதான். கண்ணுக்குத் தெரியாததையும் இது காட்டிவிடும். கிரைண்டர் ஓட்டிய இடத்தில் ஒரே திசையில் ஓடும் கோடுகள், 8-க்குள் மங்கலாகத் தெரியும் பழைய 3, ஓர் எழுத்து மட்டும் ஆழமாக இறங்கியிருப்பது எல்லாம் தாளில் தெரியும். எண் உள்ள இடம் சுற்றுப்புறத்தைவிடப் பள்ளமாக இருக்கிறதா என்று விரலாலும் தடவிப் பாருங்கள். வண்டி முழுக்க பெயின்ட் மங்கியிருக்க, அந்த ஒரு கை அகலம் மட்டும் பளபளத்தாலும் கேள்வி கேளுங்கள்.

ஆனால், வரிசை கொஞ்சம் கோணலாக இருப்பதை மட்டும் வைத்துத் திருட்டு வண்டி என்று முடிவுகட்டக் கூடாது. கையால் பஞ்ச் அடித்த பழைய வண்டிகளில் அது இயல்பு. சந்தேகம் வந்தால், அதே மாடல், அதே காலத்து வண்டி ஊரில் யாரிடமாவது இருக்கும். அதிலும் ஓர் அச்சு எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு சாட்சியும் உண்டு. பல வார்ப்புகளில், வார்த்த மாதமும் ஆண்டும் புடைத்த எழுத்தில் இருக்கும். ஒரு கணக்கு பார்ப்போம். ஆர்.சி-யில் தயாரிப்பு 2014 என்று இருக்கிறது. கியர் பாக்ஸ் பெட்டியில் 2013 இறுதி என்றிருந்தால் சரி. வார்த்துச் சில மாதங்கள் கழித்துத்தான் வண்டியில் பூட்டுவார்கள். அதில் 2018 என்றிருந்தால்? 2018-ல் வார்த்த பெட்டி 2014-ல் ஓடியிருக்க முடியாது. பெட்டியை மாற்றியிருக்க வேண்டும், அல்லது வண்டியே வேறு. மாற்றியதாகச் சொன்னால் பில்லைக் கேளுங்கள். பில்லும் இல்லாமல், அதன் மேல் 2014 வண்டியின் எண்ணும் இருந்தால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

‘இன்ஜின் பிளாக் உடைந்து மாற்றினோம், அதான் எண் வேறு’ என்று விற்பவர் சொல்லலாம். உண்மையாகவும் இருக்கலாம். அப்படி மாற்றினால் ஆர்.டி.ஓ-வில் காட்டி, புது எண்ணை ஆர்.சி-யில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லை என்றால், அவர் பெயரிலேயே ஏற்றிக் கொடுத்த பிறகு பணம் பேசுங்கள். ஆர்.சி-யில் ஓர் எழுத்து தவறாக அச்சாகியிருந்தாலும் இதே வழிதான்.

அடுத்து, பதிவு எண்ணை mParivahan செயலியில் போடுங்கள். உரிமையாளர் பெயரிலும் சேஸிஸ், இன்ஜின் எண்களிலும் சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருக்கும். தெரியும் எழுத்துகளைக் காகிதத்தோடு அல்ல, உங்கள் பென்சில் அச்சோடு ஒப்பிடுங்கள். கடன் நிலுவை இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். திருட்டுப் புகார் உள்ள வண்டியா என்று பார்க்க, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவை இருக்கிறது. அதில் ‘புகார் இல்லை’ என்று வந்தாலும் முழு நிம்மதி வேண்டாம். நீங்கள் தேடுவது மாற்றி அடித்த எண்ணாக இருந்தால், அதன் மேல் புகார் எப்படி இருக்கும்?

விற்பவர் பென்சில் அச்சு எடுக்க விடவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தெரியாமல் வாங்கினாலும் திருட்டு வண்டியை போலீஸ் எடுத்துக்கொள்ளும். வண்டி உரியவருக்குத்தான் போகும். கொடுத்த பணத்துக்கு விற்றவரைத்தான் தேட வேண்டும். அதனால் பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து, படிவம் 29, 30-ல் கையெழுத்தும், விற்பவரின் அடையாள நகலும், அவர் கையெழுத்திட்ட அந்தப் பென்சில் அச்சும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.