மின்வாகனங்களில் ஆற்றல் மீட்பும் பிரேக் மிதியின் உணர்வும்: கோவை – சத்தியமங்கலம் சாலையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மின்வாகனம் வேகம் குறையும்போது அதன் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, இயக்க ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்திற்குத் திருப்பி அனுப்புகிறது. இம்மீட்பு எவ்வாறு நிகழ்கிறது, அதன் எல்லைகள் யாவை, அவ்வெல்லைகள் ஓட்டுநரின் காலுக்குக் கிடைக்கும் பிரேக் உணர்வை ஏன் மாற்றுகின்றன என்பவற்றைச் சரவணம்பட்டி வழியாகச் செல்லும் சத்தியமங்கலம் சாலையின் இருவேறு சூழல்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மின்வாகனம், மீட்பு பிரேக், உராய்வு பிரேக், மிதி உணர்வு, சரவணம்பட்டி, திம்பம்.

முன்னுரை

கோவையின் வடபுறத்தில் உள்ள சரவணம்பட்டி, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகிய பகுதியாகும். காலையிலும் மாலையிலும் இங்கு வாகனங்கள் நின்று நின்றே நகர்கின்றன. இதே சாலை அன்னூர், சத்தியமங்கலம், பண்ணாரி ஆகிய ஊர்களைக் கடந்து, 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட திம்பம் மலைப்பாதையாக ஏறுகிறது. அடிக்கடி நிற்கும் நகரப் பயணம், இடைவிடாது இறங்கும் மலைப் பயணம் ஆகிய இரண்டும் ஒரே சாலையில் அமைந்திருப்பதால், மீட்பு பிரேக்கின் ஆற்றலையும் எல்லையையும் ஒப்பிட்டு அறிய இச்சாலை ஏற்றதாகிறது.

மோட்டார் மின்னாக்கியாதல்

உராய்வு பிரேக்கில் பட்டைகள் வட்டைப் பற்றுகின்றன. வாகனத்தின் இயக்க ஆற்றல் வெப்பமாகிக் காற்றில் கலக்கிறது. மின்வாகனத்தில் சக்கரங்கள் மோட்டாருடன் பற்சக்கரங்களால் எப்போதும் இணைந்துள்ளன. எனவே ஓட்டுநர் முடுக்கி மிதியிலிருந்து காலை எடுத்த பின்னும் சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றுகின்றன; அதன் காந்தப்புலம் கம்பிச் சுருள்களில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது.

இவ்வழுத்தம் நகர வேகங்களில் மின்கலத்தின் அழுத்தத்தைவிடக் குறைவானது. அவ்வாறாயின் மின்னோட்டம் மின்கலத்திற்குள் எப்படிப் பாயும்? இவ்விடத்தில் இன்வெர்ட்டரின் பணி தொடங்குகிறது. அதிலுள்ள மின்னணுச் சாவிகள் சுருள்களை ஒரு நொடியின் மிகச்சிறு பகுதிக்குக் குறுக்கே இணைக்கின்றன. சுருளில் மின்னோட்டம் வளர்கிறது. சாவி திறந்ததும், தன் ஓட்டத்தைத் திடீரென விட மறுக்கும் சுருளின் இயல்பால் அழுத்தம் உயர்ந்து, மின்னோட்டம் மின்கலத்தை நோக்கித் தள்ளப்படுகிறது. இது நொடிக்குப் பல்லாயிரம் முறை நிகழ்கிறது. அம்மின்னோட்டமே சுழற்சிக்கு எதிரான திருப்புவிசையை உண்டாக்குவதால் வாகனம் வேகம் தளர்கிறது.

ஒரு நிறுத்தத்தின் கணக்கு

பயணியருடன் 1500 கிலோ நிறையுள்ள மகிழுந்து ஒன்று மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வந்து சரவணம்பட்டிச் சந்திப்பில் மெதுவாக நிற்பதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,45,000 ஜூல், அதாவது 40 வாட் மணி. டயர் உருளலும் காற்றும் இதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் கொண்டுபோகும். எஞ்சிய 36 வாட் மணி பற்சக்கரம், மோட்டார், இன்வெர்ட்டர், மின்கலம் ஆகியவற்றைக் கடக்கையில் இழப்புகள் போக ஏறத்தாழ 30 வாட் மணியாகச் சேர்கிறது. கி.மீட்டருக்கு 140 வாட் மணி செலவிடும் வாகனத்திற்கு இது ஏறத்தாழ 200 மீட்டர் பயணத்திற்குப் போதுமானது. ஒரு நிறுத்தத்தில் கிடைப்பது சிறிது. நிறுத்தங்கள் மிகுந்த சாலையில் அது கணிசமாகிறது.

ஆனால் ஆற்றலின் அளவு மட்டும் போதாது. அது வந்து சேரும் விரைவும் கருதத்தக்கது. பிரேக் திறன் P = F·v என்னும் தொடர்பால் அமைகிறது. 1.5 மீ/வி² எதிர்முடுக்கத்தில் நிறுத்தம் தொடங்கும் கணத்தில் இது 31 கிலோவாட். குறுக்கே ஒருவர் வந்துவிட, 8 மீ/வி² அளவில் நிறுத்த நேர்ந்தால் அதே கணத்தில் 167 கிலோவாட் தேவைப்படும். இதனை இத்தகைய மகிழுந்தின் மோட்டாரும் மின்கலமும் ஏற்க இயலாது. அன்றியும் மோட்டார் இணைந்த சக்கரங்களை மட்டுமே அது பிடிக்க முடியும். வேகம் மணிக்குச் சில கி.மீட்டராகக் குறைந்ததும் மீட்பும் மங்கிவிடுகிறது. ஆதலால் உராய்வு பிரேக்கை நீக்க இயலாது. இரண்டும் சேர்ந்தே இயங்கவேண்டியுள்ளது.

மிதி உணர்வு மாறும் காரணம்

மரபான வாகனத்தில் மிதி, திரவ அழுத்தம், பிரேக் பட்டை ஆகியவை ஒரே தொடராக அமைகின்றன. எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு தளரும் என்பதை ஓட்டுநரின் கால் பழக்கத்தால் அறிந்திருக்கிறது. மீட்பு பிரேக் இவ்வுறவைக் குலைக்கிறது. மோட்டார் தரும் பங்கு, வேகத்திற்கும் மின்கலத்தின் வெப்பநிலைக்கும் நிரம்பிய அளவிற்கும் ஏற்ப மாறுவதால், அதே அழுத்தத்திற்கு வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு விளைவு ஏற்படக்கூடும்.

இதற்கு இரு தீர்வுகள் உள்ளன. ஒன்று, மீட்பை முடுக்கி மிதியிடம் ஒப்படைப்பது. காலை எடுத்தாலே வாகனம் தளரும். பிரேக் மிதி பழைய இயல்பிலேயே இருக்கும். டாடா நெக்சான் மின்வாகனத்தில் உள்ள 0 முதல் 3 வரையிலான மீட்பு நிலைகள் இவ்வகைத் தளர்வின் அளவையே மாற்றுகின்றன. இம்முறையில் பின்னால் வருவோர்க்கு எச்சரிக்கை தேவையாகிறது. ஐ.நா. விதி 13-எச், முடுக்கியை விடுவதால் உண்டாகும் எதிர்முடுக்கம் 1.3 மீ/வி²-ஐ மிஞ்சினால் பிரேக் விளக்கு எரியவேண்டும் என்கிறது.

மற்றொன்று, மிதியைத் திரவத் தொடரிலிருந்து பிரிப்பது. மிதி நகர்ந்த தூரத்தை உணரி அளக்கிறது. கணினி தேவையான விசையை மோட்டாருக்கும் உராய்வு பிரேக்கிற்கும் பங்கிடுகிறது. காலுக்குக் கிடைக்கும் எதிர்ப்பை ஒரு சுருள்வில் அமைப்பு உண்டாக்குகிறது. அதாவது ஓட்டுநர் உணர்வது பிரேக் பட்டையின் எதிர்ப்பன்று. வடிவமைப்பாளர் வகுத்த எதிர்ப்பு. மோட்டாரிடமிருந்து உராய்வு பிரேக்கிற்குப் பொறுப்பு கைமாறும் கணத்தில் சிறு தாமதம் நேர்ந்தாலும், கால் அசையாதிருக்க வாகனம் நழுவுவதுபோல் தோன்றும்.

இதற்குச் சான்று டொயோட்டாவின் 2010 பிப்ரவரி அறிவிப்பு. கரடுமுரடான அல்லது வழுக்கும் பரப்பில், சக்கரப் பூட்டுத் தடுப்பு அமைப்பு செயல்படும்போது பிரேக் உணர்வு சீரற்றிருந்ததால், பிரியஸ் உள்ளிட்ட ஏறத்தாழ 4,37,000 கலப்பின வாகனங்கள் உலகளவில் திரும்ப அழைக்கப்பட்டன. தீர்வாக அமைந்தது மென்பொருள் திருத்தமே.

திம்பம் இறக்கம்

அதே மகிழுந்து மலைப்பாதையில் 12 கி.மீ. தூரத்தில் 700 மீட்டர் இறங்குவதாகக் கொண்டால், நிலை ஆற்றல் ஏறத்தாழ 2.9 கிலோவாட் மணி குறைகிறது. உருளல், காற்று இழப்புகள் போக 2.2 கிலோவாட் மணியைப் பிரேக் ஏற்கவேண்டும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இறங்கினால் சராசரித் திறன் 5.5 கிலோவாட் மட்டுமே. மோட்டாருக்கு இது எளிய சுமை. உராய்வு பிரேக்கிற்கோ, 24 நிமிடம் இடைவிடாது தேங்கும் வெப்பம்.

30 கிலோவாட் மணி மின்கலத்தில் இம்மீட்பு 6 விழுக்காட்டை நிரப்பும். மின்கலம் ஏற்கெனவே முழுதும் நிரம்பியிருந்தால் அவ்வாற்றலுக்கு இடமில்லை. கட்டுப்பாட்டு அமைப்பு மீட்பைக் குறைத்துவிடும். ஏறும்முன் காலை எடுத்தாலே தளர்ந்த வாகனம், இறங்கும்போது தளராமல் உருளும். மீட்புத் திறனைக் காட்டும் முகப்புத் திரையில் அதன் அளவு சுருங்கியிருப்பது இதற்கான அறிகுறி. மலைமேல் தங்குவோர் மின்கலத்தை 90 விழுக்காட்டளவில் நிறுத்தினால் இறக்கத்தின் மீட்புக்கு இடம் எஞ்சும்.

முடிவுரை

மீட்பு பிரேக்கின் அளவை மோட்டாரின் திறன், வாகனத்தின் வேகம், மின்கலத்தில் உள்ள இடம் ஆகிய மூன்றும் வரையறுக்கின்றன. இவை மாறிக்கொண்டே இருப்பவை. ஓட்டுநரின் கால் எதிர்பார்ப்பதோ மாறாத பதில். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை நிரப்புவதே உராய்வு பிரேக்கும் அதனை இயக்கும் மென்பொருளும் செய்யும் பணி. அப்பணி பிசகும்போதுதான் மிதி உணர்வு மாறியதை ஓட்டுநர் அறிகிறார்.